ஒரு வரி, ஒரு பெட்டி

எங்கள் ஆபீஸ் சுவரில் பதினேழு விதிகள் ஒட்டியிருந்தன. பதினேழையும் எழுதியது நான். நான்காவது விதி: "ஒரு வரிக்கு ஒரு பெட்டி." பதினேழாவது: "சந்தேகம் வந்தால் எழுந்து வந்து கேட்க வேண்டாம். 'சந்தேகம்' என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகவும்." இந்த இரண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்ற பதினைந்தும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

ஆபீஸ் பெரம்பலூரில், பாலக்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மோட்டார் பம்ப் கடைக்கு மேல் மாடி. எட்டு கணினி, எட்டு பேர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சார். சென்னையில் ஒரு நிறுவனம் கொரியாவிலிருந்து நொறுக்குத்தீனி இறக்குமதி செய்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் அவர்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்கிற விவரம் அதில் இருக்கும். பாக்கெட்டைப் படம் எடுத்து அவர்கள் அனுப்புவார்கள். அந்த விவரத்தைக் கொரிய மொழியிலிருந்து ஆங்கிலத்திலும் தமிழிலும் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

வேலை மூன்று கட்டம். முதலில் ஒருவர் படத்தில் எழுத்து இருக்கிற இடங்களைச் சுற்றிப் பெட்டி போடுவார். பெட்டி பெட்டியாகப் படம் வெட்டப்பட்டு, எந்தக் கணினி காலியாக இருக்கிறதோ அதற்குப் போகும். அங்கே இருப்பவர், இயந்திரம் படித்த எழுத்து சரியா என்று பார்த்துத் திருத்துவார். பிறகு இயந்திரம் மொழிபெயர்க்கும். அதை இன்னொருவர் திருத்துவார். இரண்டாம், மூன்றாம் ஆட்களுக்குத் தங்கள் துண்டு மட்டும்தான் தெரியும், முழுப் பாக்கெட் தெரியாது. முழுசாகப் பார்த்தால் ஊகித்து எழுதுவார்கள், துண்டாகப் பார்த்தால் இருப்பதை எழுதுவார்கள் என்பது என் கணக்கு. சார் அதை மிகவும் பாராட்டினார்.

எனக்குக் கொரிய மொழி வந்தது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். சீரியல் பார்த்தா என்பார்கள். எஞ்சினியரிங் முடித்த வருடம், பக்கத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலைக்குக் கொரிய மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டுப் படித்தேன். ஒரு நாளைக்கு இருபது சொல், ஒரு வாரத்துக்கு இரண்டு விகுதி. படித்து முடிப்பதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். படிப்பு மட்டும் மிஞ்சியது. அதை வைத்துத்தான் இந்த வேலை.

மற்றவர்களுக்கு எழுத்து மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன், மூன்று வாரத்தில். தமிழ் படித்தவர்களுக்கு அது கஷ்டமில்லை. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓரெழுத்தாவது நமக்குப் பழக்கம்தான். வித்தியாசம் என்னவென்றால், 'கண்' என்று நாம் எழுதும்போது 'ண்' தனியாகப் பக்கத்தில் நிற்கும். கொரியர்கள் அந்தக் கடைசி மெய்யையும் அதே கட்டத்துக்குள் அடியில் இறக்கிவிடுவார்கள். ஓர் அசை, ஒரு கட்டம். மேலே இடப்பக்கம் மெய், அதற்கு வலப்பக்கத்திலோ கீழேயோ உயிர், எல்லாவற்றுக்கும் அடியில் முடிகிற மெய். எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்தாலும் கட்டத்தின் அளவு மாறாது.

அளவு மாறாததால் எழுத்துக்குள் நெருக்கடி அதிகம். ஒரு கோடு குறைந்தால் சொல்லே போய்விடும். 귤 என்றால் ஆரஞ்சு மாதிரி ஒரு பழம். 굴 என்றால் சிப்பி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். பாக்கெட்டின் பளபளப்பில் ஒரு மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு காணாமல் போய்விடும், பழ மிட்டாய் சிப்பி மிட்டாய் ஆகிவிடும். எங்கள் ஆபீஸில் அப்படி ஒரு மிட்டாய் உண்மையாகவே தயாரானது. சென்னைக்குப் போவதற்குள் பிடித்துவிட்டோம்.

இடைவெளியும் அப்படித்தான். 무첨가 என்று சேர்த்து எழுதினால் 'எதுவும் சேர்க்கப்படவில்லை' என்று பொருள். 무 첨가 என்று நடுவில் இடம் விட்டால் 'முள்ளங்கி சேர்த்தது' என்று இயந்திரம் சொல்லும். அழகுக்காக எழுத்துகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். எழுத்தைத் திருத்துகிறவர் அதைப் பார்த்து ஓர் இடைவெளி விட்டுவிடுவார். வாலிகண்டபுரத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி எங்களோடு வேலை செய்கிறாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் ஒன்றில் முள்ளங்கியைக் கொண்டுவந்து போட்டவள் அவள்தான். அதற்கப்புறம் மதியம் யார் டிபன் பாக்ஸில் சாம்பார் இருந்தாலும், "இது 무 첨가வா, 무첨가வா?" என்று எட்டிப் பார்ப்பாள். நான் திட்டினால், "கொரியாக்காரி கோவிச்சுக்கிட்டா" என்பாள்.

எட்டாவது ஆள்தான் டீச்சர். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடம் தமிழ் எடுத்தவர். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை, கல்யாணம் ஆகி அரியலூர் வந்தவர். காலில் நரம்பு சுருண்டுகொண்டு, நின்றால் வீங்கிவிடும். பள்ளியில் உட்கார்ந்து பாடம் எடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். வகுப்பில் நாற்காலியே போட மாட்டார்கள். டாக்டர், "வேலைய விடுறீங்களா, கால விடுறீங்களா?" என்று கேட்டாராம். டீச்சர் வேலையை விட்டார். எங்களிடம் வந்ததற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "இங்க உக்காரலாம்ல."

அரியலூரிலிருந்து தினமும் பஸ். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வருவதால் ஒன்பதே காலுக்கு வரவேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கு வருவார், முந்தானையை உதறிவிட்டு உட்காருவார். எழுத்தை மற்றவர்கள் மூன்று வாரத்தில் கற்றார்கள், டீச்சர் எட்டு நாளில் கற்றார். அதோடு நிற்கவில்லை. "இந்த சொல்லோட வாலப் பாரு," என்பார். "을, 를 வந்தா நம்ம ரெண்டாம் வேத்துமை 'ஐ'. 에서 வந்தா 'இல்'. வினைச்சொல்லு கடைசில. அப்பறம் எதுக்கும்மா இத வேத்து மொழிங்கறீங்க?" எனக்கு அதைக் கேட்கும்போது கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். நான் ஒரு வருடம் பட்டியல் போட்டுப் படித்ததை அவர் சொந்தக்கார வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து பார்த்துவிட்டார்.

பெட்டி போடுகிற வேலையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

பெட்டிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நானே ஒரு நிரல் எழுதியிருந்தேன். ஆபீஸில் அதற்குச் 'செக்கர்' என்று பெயர். படத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று அது எண்ணும். அத்தனை பெட்டி இல்லையென்றால் பிழை என்று குறிக்கும். பிழை விழுந்த படத்தில் அந்தப் பெட்டிகளை அழித்துவிட்டு, படத்தை வேறு ஒருவருக்கு அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு தாள் வரும். சென்னைக்காரர்களுடைய நிபந்தனை: தொடர்ந்து இரண்டு வாரம் தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்த ஆளை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எங்களுக்கு வேறு வேலை இல்லை. அதனால் இந்த வேலையிலிருந்து எடுப்பது என்றால் ஆபீஸிலிருந்து எடுப்பதுதான்.

டீச்சர் முதல் வெள்ளி எழுபத்தாறு. இரண்டாவது வெள்ளி எழுபத்தொன்று. வாலிகண்டபுரத்துப் பெண் இரண்டு வாரமும் தொண்ணூற்றெட்டு.

சார் என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் கூப்பிட்டார். "டீச்சர்கிட்ட நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா நல்லா இருக்காது. வயசுல மூத்தவங்க."

"எனக்கும் மூத்தவங்கதான் சார்."

"நீ லீடுல்ல. திங்கக்கெழம கணக்கு முடிக்கறதுக்குள்ள சொல்லிரு."

அன்று டீச்சர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சனிக்கிழமை நான் அம்மாவோடு கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது. அரியலூர் வழியாகத்தான் போக வேண்டும். அப்படியே டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெறுங்கையோடு போகக் கூடாது, எதில் தவறு என்று காட்ட வேண்டும் என்று, பிழை விழுந்த படங்களில் பன்னிரண்டை அச்செடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் மேலும் டீச்சர் போட்டு, பிறகு அழிக்கப்பட்ட பெட்டியைச் சிவப்பில் வரைந்து வைத்தேன். பேச வேண்டியதையும் நான்கு குறிப்பாக எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். நான் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முன் நான் எண்களைத்தான் பார்த்திருந்தேன், பெட்டிகளைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டிலும் ஒரே விஷயம். டீச்சர் இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து ஒரே பெட்டியாகப் போட்டிருந்தார். கவனக்குறைவாக இருந்தால் ஒரு படத்தில் ஒன்றிரண்டு வரி விட்டுப்போகும், கோணலாக இருக்கும். இவை கோணலாக இல்லை. மேல்வரி தொடங்குகிற இடத்தில் தொடங்கி, வினைச்சொல்லும் முற்றுப்புள்ளியும் வந்த இடத்தில் சரியாக முடிந்தன.

மூன்றாவது தாள் ஒரு மக்காச்சோளப் பொரி பாக்கெட்டின் முதுகு. கீழே பொடி எழுத்தில் மூன்று வரி. நம் ஊர்ப் பத்திரிகையில் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது போல, கொரியப் பாக்கெட்டுகளிலும் இடம் முடிந்த அசையோடு வரியை உடைத்துவிடுவார்கள். இணைப்புக் கோடு எதுவும் போட மாட்டார்கள்.

이 제품은 우유, 새우, 땅
콩을 사용한 제품과 같은 제조시
설에서 제조하고 있습니다.

சேர்த்துப் படித்தால் பொருள் இது: பாலும் இறாலும் நிலக்கடலையும் பயன்படுத்துகிற பண்டங்கள் தயாராகும் அதே ஆலையில் இதுவும் தயாராகிறது. அதாவது உள்ளே அவை இல்லை, ஆனால் ஒட்டியிருக்கலாம், ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாக இருங்கள்.

இதை என் நான்காவது விதிப்படி வெட்டினால் என்ன ஆகும் என்று தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். முதல் துண்டு: 'இந்தப் பொருள், பால், இறால், நிலம்.' கொரிய மொழியில் நிலக்கடலை 땅콩. 땅 நிலம், 콩 பயறு. நம் ஊரிலும் நிலத்துக்கடியில் காய்ப்பதால் அதே பெயர்தான். வரி அதன் நடுவில் உடைந்திருந்தது. இரண்டாவது துண்டு பயறில் தொடங்கும். தனியாக 콩 என்று வந்தால் இயந்திரம் சோயா என்றுதான் எழுதும். 'சோயா பயன்படுத்திய பொருளைப் போன்றது, தயாரிக்கும்போது.' ஆலை என்கிற சொல்லும் நடுவில் உடைந்ததால் வந்தது அந்தத் 'தயாரிக்கும்போது'. ஆலையின் மிச்சம் மூன்றாவது துண்டின் தலையில் தனியாக நிற்கிறது. 설 தனியாக நின்றால் கொரியர்களின் புத்தாண்டு. 'புத்தாண்டில் தயாரிக்கிறோம்.'

நாங்கள் என்ன அனுப்பியிருப்போம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்துகிறவர் 'நிலம்' என்பதை இயந்திரத்தின் உளறல் என்று அடித்திருப்பார். புத்தாண்டு ஏதோ விளம்பரம் என்று விட்டிருப்பார். மிஞ்சுவது பால், இறால், சோயா. நிலக்கடலை எங்கும் இருக்காது. விதியை மதித்த எல்லோரும் தொண்ணூற்றெட்டு வாங்கியிருப்பார்கள்.

பேசுவதற்கு எழுதி வைத்த நான்கு குறிப்பையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

டீச்சர் வீட்டில் அவரும் பத்தாவது படிக்கிற மகளும் இருந்தார்கள். டீச்சர் காலைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்திருந்தார், என்னைப் பார்த்ததும் இறக்கினார். அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, "என்னம்மா, சார் அனுப்புனாரா?" என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"தெரியும். எழுபத்தொண்ணு. பசங்களுக்குப் போட்ட மார்க்கெல்லாம் திரும்பி வந்துருச்சு." மகளைப் பார்த்து, "டீ போடுடி, நிக்காத," என்றார்.

நான் மூன்றாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இத ஏன் சேத்துப் போட்டீங்க?"

"வாக்கியம் முடியலயேம்மா. முடியாம எப்படி வெட்றது? பதினாலு வருசம் பசங்ககிட்ட பயனிலை எங்கடா, பயனிலை எங்கடான்னு கத்திட்டு, நானே பயனிலைய வெட்டிப் போடவா?"

"ஒரு வரிக்கு ஒரு பெட்டின்னு போட்டிருந்துச்சே."

"போட்டிருந்துச்சு."

"அப்ப என்கிட்ட வந்து, இது தப்பா வருதுன்னு சொல்லிருக்கலாம்ல?"

டீச்சர் என்னையே பார்த்தார். "பதினேழாவது என்ன எழுதிருக்க?"

அம்மா, "என்ன எழுதிருக்க?" என்று என்னிடம் கேட்டார்.

"முதல் வாரம் எழுந்து வந்தேன்," என்றார் டீச்சர். "நீ காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு வேல பாத்துக்கிட்டு இருந்த. செவுத்தக் காட்டுன. செவுத்துல பதினேழு. சரி, சின்னப் புள்ள, வேலைல இருக்குன்னு போயி உக்காந்துட்டேன். எனக்கு எது சரின்னு பட்டுச்சோ அதப் போட்டேன்."

சுவரைக் காட்டியது எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அப்படிச் செய்கிறவள்தான்.

"சொல்லாம மாத்துனது என் தப்பு," என்றார் அவரே. "அதையும் சொல்லிர்றேன்." பிறகு மகளிடம், "அந்தப் பாக்கெட்ட எடுத்துட்டு வா," என்றார்.

மகள் அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வந்தாள். அதே மக்காச்சோளப் பொரி. காலேஜ் பக்கம் ஒரு கடையில் இப்போது இதெல்லாம் வருகிறதாம். படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு வருவதால், தான் பெட்டியை முடித்த இடம் சரிதானா என்று பிறகு பார்க்க டீச்சர் வாங்கி வைத்திருந்தார். பிரிக்கவில்லை. நான் திருப்பிப் பார்த்தேன். முதுகில் வெள்ளை ஸ்டிக்கர். எங்கள் ஸ்டிக்கர்தான். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: பால், இறால், சோயா உள்ளது.

இறால் உள்ளே இல்லவே இல்லை. நிலக்கடலை பற்றிப் பேச்சே இல்லை.

"ஒரு சொல்லு போச்சுன்னா மார்க்குல ஒண்ணு கொறையும், அவ்ளோதான்னு நெனச்சிருப்ப," என்றார் டீச்சர். "இவளோட படிக்கிற ஒரு பொண்ணுக்கு மல்லாட்ட பட்டாலே மூஞ்சி வீங்கிரும். ஸ்டிக்கரப் படிச்சிட்டுத்தான் வாங்குமாம். இத வாங்கறேன்னு நின்னுச்சாம், இவதான் வேணாம்னு இழுத்துட்டு வந்துருக்கா. முந்தாநேத்து."

எங்கள் பக்கம் கடலை என்போம். டீச்சர் ஊர்ப்பக்கம் மல்லாட்டை. அந்த ஸ்டிக்கரில் இரண்டும் இல்லை.

கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். "திங்கக்கெழம நான் வரவா, வேணாமா? அத மட்டும் சொல்லு. ஸ்கூல்ல கூப்புடறாங்க. போனா நிக்கணும்."

"வாங்க டீச்சர்."

"நீ சொல்றியா, சார் சொல்றாரா?"

"நான் சொல்றேன். சார்கிட்ட இனிமேதான் சொல்லணும்."

கல்லங்குறிச்சியில் கூட்டம் இல்லை. அங்கே சாமி என்பது ஒரு கல்கம்பம்தான்; அம்மா அதற்கு முன்னால் நெடுநேரம் நின்று வேண்டிக்கொண்டார். நான் ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். செக்கரை மாற்ற வேண்டும். வரியை எண்ணக் கூடாது, பெட்டியின் கடைசியில் வாக்கியம் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 있습니다 மாதிரி வினைமுற்று, அல்லது 함유 மாதிரி 'உள்ளது' என்று பொருள் தருகிற முடிவுச்சொல், அல்லது முற்றுப்புள்ளி. வரி உடைந்த இடத்தில் சொல் முடிந்ததா, உடைந்ததா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் முதல் எழுத்து 을, 를, 에서 போன்ற வால் என்றால், அதன் தலை மேல்வரியில் இருக்கிறது என்று பொருள். வால் தனியாக நடக்காது. இது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் விதி எழுதும்போது மொழியை யோசிக்கவில்லை, நேர்க்கோட்டைத்தான் யோசித்தேன். கோடு நேராக இருந்தால் இயந்திரம் நன்றாகப் படிக்கும்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். அழிக்கப்பட்ட பெட்டிகள் தனியாகச் சேமிப்பில் இருந்தன. எல்லோருடைய இரண்டு வார வேலையையும் புதிய செக்கரில் ஓட்டினேன். டீச்சர் தொண்ணூற்று நான்கு. நூறு இல்லை. முன்பக்க விளம்பர வாசகங்களில் தொடர்பில்லாத இரண்டைச் சில இடங்களில் ஒன்றாகக் கட்டியிருந்தார். 'அரிசியில் செய்தது' என்பதையும் பக்கத்தில் இருந்த 'காரம்' என்பதையும் சேர்த்துவிட்டால் கார அரிசி ஆகிவிடும். வாலிகண்டபுரத்துப் பெண் அறுபத்தெட்டு. நானும் நேரம் கிடைக்கும்போது பெட்டி போடுவேன். நான் அறுபத்திரண்டு.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன். பழைய மதிப்பெண் தாள், புதிய மதிப்பெண் தாள், பொரியின் படம் அச்செடுத்த தாள், பாக்கெட் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். சார் முதலில் பாக்கெட்டைப் பார்த்து, "எனக்கா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டிக்கரைப் படித்தார், படத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்தார், மறுபடி ஸ்டிக்கரைப் படித்தார்.

"சென்னைக்குத் தெரியாதுல்ல இன்னும்?"

"தெரியாது சார்."

"இனிமே சரியாப் பண்ணிரலாம். பழச ஏன் கிண்டணும்?"

"பழசு கடைல இருக்கு சார். அரியலூர்ல இருக்கு."

சார் பாக்கெட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ரூல் யாரு எழுதுனதுன்னு கேப்பாங்க," என்றார்.

"நான்தான்னு மெயில்லயே எழுதிட்டேன். நீங்க பாத்துட்டு அனுப்புங்க."

"நீ எழுதுன. சரி. செக் பண்ணது யாருன்னு கேப்பாங்க."

"அதுவும் நான்தான் சார்."

"அதான்மா பிரச்சினை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். "எழுதுனவளே செக் பண்ணா எல்லாம் சரியாத்தான் வரும்."

அன்றைக்கே மெயில் போனது. சென்னையிலிருந்து மதியம் போன் வந்தது. திட்டினார்கள். திட்டியது சரிதான். அந்தப் பொரியையும், அதே மாதிரி வரி உடைந்த மற்றவற்றையும் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டுவதாகவும், நாங்கள் பழைய படங்கள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்துத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். இன்னொரு நிபந்தனையும் போட்டார்கள்: விதி எழுதுகிற ஆளும் சரிபார்க்கிற ஆளும் இனி ஒருவராக இருக்கக் கூடாது.

டீச்சர் அன்று ஒன்பதே முக்காலுக்கு வந்து, முந்தானையை உதறிவிட்டு, தன் இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். நான், "உக்காருங்க டீச்சர்," என்றேன். பழைய தாளைச் செல்லாது என்று சாரே எல்லோர் முன்னாலும் சொன்னார். புதிய தாளைப் படித்தார். அறுபத்தெட்டு என்றதும் வாலிகண்டபுரத்துப் பெண், "ஐயோ, போன வாரம்தான் வூட்ல தொண்ணூத்தெட்டுன்னு சொல்லி பிரியாணி வாங்குனேன்," என்றாள். அறுபத்திரண்டு என்றதும் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "கொரியாக்காரி ஃபெயிலு," என்றாள். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

சரிபார்க்கும் வேலையை டீச்சருக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். டீச்சர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"எனக்கு எழுத்து தெரியும், வால் தெரியும். சொல்லு நிறைய தெரியாது. அது உனக்குத்தான் தெரியும். நான் பாதி, நீ பாதி. தெரியலன்னா எழுந்து வந்து கேப்பேன். நீ காதுல மாட்டிருக்கக் கூடாது."

"சரிங்க டீச்சர்."

"அப்பறம் கால் வைக்க ஒரு முக்காலி வேணும்."

முக்காலி மறுநாள் வந்தது, கீழே பம்ப் கடையிலிருந்து. பழைய படங்களைத் திரும்பப் பார்க்க ஐந்து வாரம் ஆனது. வரி உடைந்த இடத்தில் பொருள் கெட்டவை நாங்கள் பயந்ததைவிடக் குறைவு. ஆனால் கெட்டவை எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தன. ஒத்துக்கொள்ளாதவர்கள் படிக்கிற இடமும் அதுதான்.

சுவரில் நான்காவது விதியை மாற்றி எழுதினேன்: "வாக்கியம் முடியும்வரை பெட்டியை மூட வேண்டாம்." பதினேழாவதை எடுத்துவிட்டேன். பதினாறோடு பட்டியல் முடிவது எனக்கு இன்னும் கண்ணை உறுத்துகிறது, ஆனால் நிரப்பவில்லை.

புது ஏற்பாட்டின் முதல் நாள் நான் நாற்பது படத்துக்குப் பெட்டி போட்டேன். நாற்பதில் ஆறைத் திருப்பி அனுப்பியிருந்தார் டீச்சர். ஐந்து என் தவறு. ஆறாவதில் வரிகள் இரண்டும் உண்மையிலேயே தனித்தனி வாக்கியங்கள். நான் எழுந்து அவர் மேஜைக்குப் போய், இது சரிதான் டீச்சர் என்று காட்டினேன். அவர் முக்காலியிலிருந்து காலை இறக்காமல், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஆமாம்," என்று சொல்லி, திருப்பி அனுப்பியவற்றிலிருந்து அதை மட்டும் எடுத்துவிட்டார். மற்ற ஐந்தையும் நான் உட்கார்ந்து திருத்தினேன்.